எந்த பெல்லை அடிக்க

அம்மாவின் முகம் தெரியவில்லை. போனைச் சிங்குக்குக் கீழே நீட்டிப் பிடித்திருந்தார். இருட்டு, ஒரு நீல வாளி, துருப்பிடித்த குழாயின் வளைவு. அதன் அடியில் ஒரு துளி திரண்டு, கொஞ்சம் தாமதித்து, விழுந்தது.

"தெரியுதோ பிள்ளை?"

"தெரியுது. லைட்டை இன்னும் கிட்டப் பிடியுங்கோ."

ஜனுஷா ஆக்லாந்தின் ஒடாஹுஹுவில் தன் அறைக் கட்டிலில், ஹீட்டருக்குப் பக்கத்தில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். ஜூலை மாதத்து வியாழக்கிழமைக் காலை, இங்கே குளிர்காலம். ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் நனைந்திருந்தது. இத்தாலியில், பலர்மோவில், இன்னும் புதன்கிழமை இரவு. அங்கே வெக்கை. அம்மா கைமுட்டியால் நெற்றியைத் துடைத்தபோது போன் ஆடியது.

"பைப்பைத் திறக்கேக்க மட்டும் ஒழுகுதோ, சும்மாவும் ஒழுகுதோ?"

"சும்மாவும்தான். இரவிரவா டொக் டொக் எண்டு. கொப்பாவுக்கு நித்திரை இல்லை."

"சுடுதண்ணிப் பைப்போ?"

"இல்லை, பச்சைத் தண்ணி."

அப்படியானால் கழிவுக் குழாய் இல்லை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கி வரும் குழாய். அதில் எப்போதும் அழுத்தம் இருக்கும். யாரும் பைப்பைத் தொடாவிட்டாலும் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

"மெயின் வால்வை மூடினீங்களோ?"

"அது இறுகிக் கிடக்கு. பாதிதான் திரும்புது. முழுக்க மூடினாலும் கொப்பாவை என்னத்தால கழுவுறது?"

போன் நிமிர்ந்தது. இப்போது அம்மாவின் முகம். டோறின் என்பது அவர் பெயர். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் தோரா. பின்னால், திறந்த கதவு வழியாக, அப்பாவின் கட்டில் தெரிந்தது. பக்கவாதம் வந்த பிறகு சுகாதாரப் பகுதியினர் கொண்டுவந்து போட்ட இரும்புக் கட்டில். அப்பா ஏர்னஸ்ட் வலது பக்கம் அசையாமல் அதில் கிடந்தார். அந்தக் கட்டிலைத் துண்டு துண்டாகக் கழற்றித்தான் மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். லிஃப்ட் இல்லை.

"கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா வந்திட்டுப் போறா," என்றார் அம்மா, கீழே குடியிருக்கும் இத்தாலியப் பெண்ணைச் சொல்லி. "அவவின்ர சீலிங் ஊறிப் போச்சாம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஆள் வந்து திருத்தாட்டி வீட்டுக்காரனுக்குச் சொல்லுவாவாம்."

"நல்ல மனுசி எண்டு சொல்லுவீங்கள்."

"நல்ல மனுசிதான். நாளை வரைக்கும் பொறுக்கிறாதானே. அவவின்ர கட்டிலுக்கு மேல ஊறுது. நானெண்டா இண்டைக்கே சொல்லியிருப்பன்."

வீட்டுக்காரனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று இருவரும் பேசவில்லை. பேசத் தேவையில்லை. இளவேனிலில் இருந்தே அவன் வீட்டைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். சந்தைக்குப் பக்கத்துத் தெரு. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் கணக்கில் விடலாம். எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை. அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு காரணம் மட்டும். வேறு வீடு தேடினால் ஒப்பந்தம் எழுதச் சம்பளச் சீட்டுக் கேட்பார்கள். அம்மா துப்புரவு செய்யும் வீடுகளில் யாரும் அவருக்குச் சீட்டுக் கொடுத்ததில்லை.

"கோயிலில ஒரு பிளம்பரின்ர நம்பர் தந்தவை. நினோ எண்டு. பாதரின்ர குசினியை அவன்தான் திருத்தினவனாம். நம்பரை உனக்கு அனுப்பியிருக்கிறன். ஒரு மெசேஜ் எழுது."

"நீங்களே அடிச்சுக் கதையுங்கோவன் அம்மா. இரண்டு வசனம்தானே."

"எனக்கு அதெல்லாம் சொல்ல வராது. நான் கதைச்சா அவங்கள் தங்கட பாஷையில 'சீ, சீ', ஓம் ஓம் எண்டிட்டு வரமாட்டாங்கள். நீ எழுதினா ஒரு மரியாதை இருக்கு."

இதுதான் அந்த வீட்டின் வழக்கம். ஜனுஷா பலர்மோவில் பிறந்தவள். எழுதப் படித்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், காஸ் கொம்பனிக்கும், டொக்டருக்கும், வீட்டுக்காரனுக்கும் அவள்தான் எழுதினாள். பக்கத்துத் தெருத் தமிழ்க் குடும்பங்களுக்கும் எழுதிக் கொடுத்தாள். நேரில் அந்த மனிதர்களைப் பார்த்தால் அவளுக்குக் குரல் எழாது. எழுத்தில் அப்படியில்லை. உயிரியல் படித்து முடித்து, இத்தாலியக் கடவுச்சீட்டில் கிடைத்த வேலை விடுமுறை விசாவில் ஆக்லாந்து வந்து, ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலையும் விசாவும் கிடைத்து நான்கு வருடம் ஆகிவிட்டது. எழுத்து மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

"எப்ப வரச் சொல்ல?"

"நான் காலமை வேலை முடிச்சு எட்டு மணிக்கு வந்திடுவன். அதுக்குப் பிறகு. அட்ரஸை வடிவாப் போடு. இவங்கள் வழி தெரியேல்லையெண்டு திரும்பிப் போற ஆக்கள்."

ஜனுஷா மடிக்கணினியைத் திறக்கவில்லை. போனிலேயே எழுதினாள். கூடத்தில் மாதிரிப் புட்டிக்கு ஒட்டும் சீட்டைப் போல. எது, எங்கே, எந்த நிலையில்.

*Buonasera signor Nino. In cucina, sotto il lavello, perde il tubo dell'acqua fredda, vicino al gomito. Perde sempre, anche con il rubinetto chiuso. L'acqua scende nell'appartamento di sotto. Può venire giovedì mattina alle 8.30? Via delle Stuoie 14, terzo piano, senza ascensore. Sul citofono: Arulappu. Grazie, Janusha.*

ஒருமுறை வாசித்தாள். சமையலறை, சிங்குக்குக் கீழே, குளிர்தண்ணீர்க் குழாய், வளைவுக்குப் பக்கத்தில். பைப் மூடியிருந்தாலும் ஒழுகுகிறது: இது இருந்தால்தான் அவன் எந்தக் குழாய் என்று அறிந்து, அதற்கான துண்டைக் கொண்டு வருவான். கீழ்வீட்டுக்கு இறங்குகிறது: இது இருந்தால்தான் அவசரம் புரியும். நாளை என்று எழுதவில்லை, வியாழக்கிழமை என்று எழுதினாள். அவளுடைய நாளையும் அவர்களுடைய நாளையும் வேறு என்பதால் கிழமையைச் சொல்வதே அவள் பழக்கம். எட்டரை மணி என்றால் இங்கே மாலை ஆறரை. அவளுடைய சாப்பாட்டு இடைவேளை. போன் கையில் இருக்கும். பிறகு இலக்கம், மாடி, லிஃப்ட் இல்லை என்பது, வாசல் பெல்லில் உள்ள குடும்பப் பெயர். இத்தாலியில் வீட்டு இலக்கம் மட்டும் போதாது. கீழ்க்கதவில் எல்லா வீடுகளுக்குமான பெல்கள் வரிசையாக இருக்கும். பெயரைப் பார்த்துத்தான் அடிப்பார்கள்.

அம்மாவின் நம்பரைச் சேர்க்கலாமா என்று யோசித்தாள். சேர்க்கவில்லை. தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பை அம்மா எடுக்கமாட்டார். வேகமாகக் கதைக்கும் குரல்கள் அவருக்குப் பயம். கரண்டுக் கொம்பனி, வீட்டுக்காரனின் வக்கீல், யாராகவும் இருக்கலாம். மணி அடித்து ஓயும்வரை போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அனுப்பினாள். சற்று நேரத்தில் ஒரு கட்டைவிரல் படமும், சரி என்ற ஒரு சொல்லும் வந்தன.

"வாறானாம்," என்றாள்.

"கர்த்தரே," என்றார் அம்மா. "சாப்பிட்டியோ நீ?"

*

பென்ரோஸில் இருக்கும் கூடத்துக்குச் சிந்துவின் காரில்தான் போவாள். சிந்து கோயம்புத்தூர்க்காரி. ஒரே வீட்டில் அடுத்த அறை, ஒரே கூடம், ஒரே ஷிப்ட். மதியம் தொடங்கி இரவு ஒன்பது மணிவரை.

"அப்ப பலர்மோல பைப்பு ஒழுகுது, ஒடாஹுஹுல இருந்து கம்ப்ளெயின்ட் போகுது," என்றாள் சிந்து. "நம்ம வீட்டு ஷவர் ஆறு மாசமா ஒழுகுதே, அதுக்கு இத்தாலில இருந்து யாராச்சும் எழுதுவாங்களா?"

"அதுக்கு ஏஜென்டுக்கு எழுதி வச்சிருக்கிறன். நீங்கள் அனுப்பச் சொல்லேல்லை."

"அனுப்பு தாயே. குளிச்சு முடிச்சா பாதம் மட்டும் அரைமணி நேரம் குளிக்குது."

ஜனுஷா சிரித்தாள். பிறகு, "அவன் நேரத்துக்கு வருவானோ தெரியேல்லை," என்றாள்.

"ஷிப்ட் லீடர்கிட்ட சொல்லிட்டு போனை உள்ள வச்சுக்க. எமர்ஜென்சின்னு சொல்லு. அந்தாளு என்ன கடிச்சா தின்னுடுவாரு?"

"பாப்பம்."

"பாக்காத. கேளு. இல்ல நான் கேக்கட்டுமா?"

"வேண்டாம். எட்டரைக்கு எண்டுதானே சொல்லியிருக்கு. எனக்கு அப்ப பிரேக்."

கூடத்துக்குப் பால்மாவும் இறைச்சியும் வரும். அவற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. போன்கள் வெளியே லாக்கரில். வெறுங்கையால் தொடும் எதுவும் உள்ளே வரக்கூடாது. ஷிப்ட் லீடர் கெட்டவர் இல்லை. கேட்டால் ஒருவேளை வெளி அறை மேசையில் வைத்துக்கொள் என்று சொல்லியிருப்பார். ஆனால் அவளுடைய விசாப் புதுப்பிப்புக் கடிதம் அவருடைய மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. அதோடு இன்னொரு கேள்வியையும் கொண்டுபோக அவளால் முடியவில்லை. அவருடைய கதவைத் தாண்டி இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் அவர் தலை நிமிரவில்லை. அவளும் தட்டவில்லை.

ஆறரைக்கு லாக்கரைத் திறந்தாள். எதுவும் இல்லை. அம்மாவுக்கு அடித்தாள்.

"வரேல்லை பிள்ளை. வேலையை அவசரமா முடிச்சிட்டு ஓடி வந்தனான்."

"பிந்தும். பாத்துக்கொண்டு இருங்கோ."

"வாளி நிறையுது. துணி சுத்தி வச்சிருக்கிறன். நிக்கேல்லை."

"அதைத் தொடாதேங்கோ அம்மா. பழைய இரும்புக் குழாய். பொருத்துற இடத்தில உள்ளுக்குத் துரு திண்டிருக்கும். முறுக்கினா உடையும்."

"கொப்பாவும் அதைத்தான் சொல்றார் போல. கையைக் கையை ஆட்டுறார்."

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் நினோவுக்கு எழுதினாள்: வருகிறீர்களா? பதில் உடனே வந்தது. வருகிறேன், வருகிறேன். இரண்டு முறை. இடைவேளை முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எதுவும் வரவில்லை. போனை லாக்கரில் வைத்தாள். கை கழுவினாள். கோட்டைப் போட்டாள்.

"வந்துட்டானா?" என்றாள் சிந்து.

"வாறானாம்."

"போய் இப்பவாச்சும் கேளு."

ஜனுஷா கையுறையை இழுத்து மணிக்கட்டுவரை ஏற்றினாள். அன்று மாதிரிகள் அதிகம். ஒவ்வொரு தட்டாக மூடியைச் சற்றே உயர்த்தி, ஊற்றி, சுழற்றி, ஆறவைத்தாள். இந்த வேலையில் மனம் வேறெங்கும் போகாது என்பதுதான் அவளுக்குப் பிடித்தது. இன்று போனது. அந்தச் சமையலறை. சிங்குக்கு மேலே, சமையல் துளசிக் கட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிய, ஊர்க்காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் படம். கீழ்வீட்டுச் சீலிங் பழையது. நாணல் பாயில் சாந்து பூசியது. ஊறினால் பாரம் ஏறும். சிறு வயதில் அதன் கீழிருந்த கட்டிலில் உட்கார்ந்துதான் சிஞ்ஞோரா கொடுத்த பாதாம் பிஸ்கட் தின்றிருக்கிறாள்.

*

ஒன்பது மணிக்கு லாக்கரைத் திறந்தபோது போன் வெளிச்சமாக இருந்தது.

எட்டு மணியளவில் முதல் செய்தி. பலர்மோவில் காலை பத்து. கீழே நிற்கிறேன், எந்த பெல்லை அடிக்க?

பிறகு, அந்தப் பெயர் இங்கே இல்லை.

பிறகு எடுக்காத இரண்டு அழைப்புகள். பிறகு ஒரு குரல் பதிவு. கார்கள் போகும் சத்தம், ஒரு ஸ்கூட்டர். நினோவின் குரல் கோபமாக இல்லை, களைத்திருந்தது. மேடம், எல்லா பெல்லையும் பார்த்துவிட்டேன். சிலவற்றை அடித்தும் பார்த்தேன். அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை என்கிறார்கள். எனக்குக் கடற்கரைப் பக்கம், மொந்தெல்லோவில் வேலை இருக்கிறது. வெயிலில் நிற்க முடியாது. போகிறேன்.

ஜனுஷா கார் நிறுத்துமிடத்துக்கு நடந்துகொண்டே அம்மாவுக்கு அடித்தாள். மழை தூறியது. சிந்து காரைத் திறந்து ஹீட்டரைப் போட்டாள்.

அம்மா வீடியோவில் வந்தார். போனை எதன்மேலோ சாய்த்து வைத்திருந்தார். சிங்குக்குக் கீழே அவருடைய முதுகும், சேர்த்து முடிந்த தலைமுடியும் தெரிந்தன.

"அம்மா, அவன் வந்தவன். பெல்லில எங்கட பேர் இல்லையாம்."

முதுகு அசையவில்லை. "வந்தவனோ?"

"பத்து மணிக்கு. பேர் இல்லையெண்டு போயிட்டான். ஏன் பேர் இல்லை?"

"அது எப்பவோ கழட்டினது. ஈஸ்டருக்கு முன்னம். வீட்டுக்காரன்தான் கழட்டச் சொன்னவன். செக்கிங் வருதாம், பேர் இருந்தா தனக்குப் பிரச்சினையாம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அதை என்னத்துக்குச் சொல்ல? ஆர் எங்கட வீட்டுக்கு பெல் அடிச்சு வாறது?"

உண்மை. யாரும் பெல் அடித்து வந்ததில்லை. தமிழ்ச் சனம் கீழே நின்று மிஸ்ட் கோல் கொடுக்கும். நம்பரைப் பார்த்ததும் அம்மா மாடிப்படி ஜன்னலுக்குப் போய்ச் சாவியைக் கூடையில் கயிறு கட்டி இறக்குவார். அக்கம்பக்கத்துச் சனம் தெருவில் நின்று "தோரா" என்று கூப்பிடும். அந்தக் கட்டடத்தில் யாருக்கும் அருளப்பு என்ற பெயர் தெரியாது. பெல் அடிப்பவர்கள் தபால்காரனும் அதிகாரிகளும்தான். அவர்களுக்குத் திறக்காமல் இருப்பதும் வழக்கம்தான்.

நான்கு வருடத்துக்கு முன் தான் விட்டுவந்த கதவின் முன் நினோவை நிறுத்தியிருக்கிறாள். அந்தக் கதவு இப்போது இல்லை.

"நான் திரும்ப எழுதுறன். அவன் திரும்பி வருவான். கொஞ்சம் இருங்கோ."

"மத்தியானம் ஆகப் போகுது." அம்மா நிமிர்ந்து கையைத் துடைத்தார். கையில் அப்பாவின் பழைய ஸ்பானர் இருந்தது. அப்பா கப்பல்துறையில் வேலை செய்த காலத்தில் கொண்டுவந்தது.

"அம்மா, அதை வையுங்கோ."

"சின்னதா ஒரு திருப்புத் திருப்பினா நிண்டிடும். இந்தா, கொஞ்சம் நிண்டிட்டுது பார்."

"வையுங்கோ எண்டிறன்."

ஜனுஷா ஒரு கையால் அழைப்பைச் சின்னதாக்கிவிட்டு நினோவுக்கு எழுதினாள். மன்னிக்கவும். பெல்லில் பெயர் இல்லை. வாசலுக்கு வந்ததும் இந்த நம்பருக்கு அடியுங்கள். அம்மாவின் நம்பரை எழுதினாள். மிக அவசரம். தயவுசெய்து இன்றைக்கே.

எழுதுகிறார் என்று காட்டியது. பிறகு பதில். மேடம், நான் மொந்தெல்லோவில். திங்கட்கிழமை வரலாம்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"கேக்கிறன். பொறுங்கோ." வேறு பிளம்பர் யாரையாவது தேடலாம் என்று விரல் ஓடியது. "திங்கக்கிழமையாம். நான் வேற ஆளைப் பாக்கிறன்."

"திங்கக்கிழமையோ," என்றார் அம்மா. சாதாரணமாகத்தான் சொன்னார். குனிந்தார்.

அப்பாவின் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொல் இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு முழுச் சொற்கள் வருவதில்லை. ஆனால் ஜனுஷாவுக்கு விளங்கியது. அவரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

உடைந்த சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. காய்ந்த குச்சி முறிவதைப் போல. பிறகு ஒரு சீறல். திரை முழுவதும் வெள்ளையாகி, போன் சாய்ந்து விழுந்து, சீலிங்கைக் காட்டியது.

"வால்வு," என்று ஜனுஷா கத்தினாள். "அம்மா, வால்வை மூடுங்கோ. பாத்ரூமில. முழுக்க."

"திரும்புதில்லை," என்ற குரல் தூரத்திலிருந்து வந்தது. "பாதியில நிக்குது. பாதியில நிக்குது பிள்ளை."

அன்று தொட்டி நிறைந்த நாள். நகராட்சித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில்தான் வந்திருந்தது. மாடியில் இருந்த தண்ணீர் முழுவதும் இறங்கத் தொடங்கியது. போன் தரையில் கிடந்தது. அதன் கண்ணாடியில் நீர் ஏறுவதை ஜனுஷா பார்த்தாள். சீலிங் விளக்கு கோணலாக நெளிந்தது. அம்மா வாளியையும், துவாய்களையும், அப்பாவின் போர்வையையும் இழுத்து வருவது கால்களாக மட்டும் தெரிந்தது.

"ஜன்னலில போய்க் கூப்பிடுங்கோ. ஆரையாவது மாடிக்கு ஏறி மூடச் சொல்லுங்கோ."

அம்மா கூப்பிட்டிருப்பார். அது கேட்கவில்லை. தண்ணீரின் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு அதற்கு அடியில், கீழிருந்து, கனமான ஏதோ மெத்தென்று விழுவதைப் போல ஒரு சத்தம்.

பிறகு சத்தம் குறைந்தது. யாரோ மாடிக்கு ஏறியிருக்க வேண்டும். அல்லது தொட்டி தீர்ந்திருக்க வேண்டும்.

கதவு தட்டப்பட்டது. பெல் இல்லை, கையால். அம்மா போனை எடுத்துக்கொண்டு நடந்தார். எடுத்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. கதவு திறந்தபோது சிஞ்ஞோரா தெரிந்தார். தலைமுடியிலும் தோளிலும் வெள்ளைச் சாந்துப் பொடி. கையில் காய்கறிப் பை. அவர் சந்தையிலிருந்து திரும்பி அறைக்கதவைத் திறந்த நேரத்தில் சீலிங் விழுந்திருக்கிறது. கட்டிலின் மேல்.

சிஞ்ஞோரா திட்டவில்லை. "தோரா," என்றார். "நான் அதில் படுத்திருந்தால்?"

ஜனுஷாவிடம் அதற்கான இத்தாலியச் சொற்கள் எல்லாம் இருந்தன. ஒன்றும் வரவில்லை.

சிந்து கார் எஞ்சினை எப்போதோ அணைத்திருந்தாள். கண்ணாடி முழுவதும் ஆவி.

*

வீட்டுக்காரன் அன்று மாலையே வந்தான். தன்னுடைய ஆளைக் கொண்டு குழாயைத் திருத்தினான். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பிளாஸ்டிக் குழாய், புதிய வால்வு. பிறகு, மாதம் முடியும்போது சாவி தன் கையில் இருக்க வேண்டும் என்றான். சிஞ்ஞோராவின் மகனும் பக்கத்தில் நின்றான். அவன் பொலிசுக்குப் போகாமல் இருப்பதே தயவு என்றார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஜனுஷா ஒவ்வொரு நாளும் ஷிப்டுக்கு முன்னால் எழுதினாள். வீட்டு விளம்பரங்களுக்கு, கோயிலுக்கு, நகராட்சிச் சமூக உதவிக்கு. பதில்கள் மரியாதையாக வந்தன. ஒப்பந்தம் எழுதச் சம்பளச் சீட்டு, வருமானச் சான்று, லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு நோயாளி வேண்டாம். பாதர் கடைசியில் ஒரு வழி சொன்னார். மலைப்பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு ஒரு கட்டில். அம்மாவுக்கு வேறொரு பெரிய வீட்டில், வயதான ஒருவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் வேலை. தங்க இடமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அரைநாள் விடுமுறை. பஸ்ஸில் போய் அப்பாவைப் பார்க்கலாம்.

"நான் வாறன்," என்றாள் ஜனுஷா.

"வந்து எங்க இருப்பாய்?" என்றார் அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

அப்பாவைக் கொண்டுபோக ஒரு தொண்டு அமைப்பின் அம்புலன்ஸ். அவர்களுக்கும் ஒரு செய்தி எழுத வேண்டியிருந்தது. ஜனுஷா ஞாயிறு காலை அதே கட்டிலில், அதே ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். நோயாளி, ஆண், வலது பக்கம் அசையாது, நடக்க முடியாது, படுக்கையில் வைத்துத்தான் இறக்க வேண்டும். அதே தெரு, அதே இலக்கம். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, இரண்டு பேர் போதாது. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி.

அடுத்த வரியில் விரல் நின்றது.

"அம்மா, பெல்லில இப்ப என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை. வெறும் ஓட்டை."

*பெல்லில் பெயர் இல்லை. வாசலுக்கு வந்ததும் இந்த நம்பருக்கு அடியுங்கள்* என்று இத்தாலிய மொழியில் எழுதினாள். அம்மாவின் நம்பரை எழுதி, ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தாள்.

"தெரியாத நம்பரில இருந்து வரும். எடுக்கோணும்."

"எடுக்கிறன்."

"அவங்கள் கெதியாக் கதைப்பாங்கள். விளங்காட்டியும் வைக்காதேங்கோ."

"எடுக்கிறன் எண்டிட்டனே."

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனதும் ஷிப்ட் லீடரின் கதவைத் தட்டினாள். அவர் தலை நிமிர்ந்து, பார்த்துவிட்டு, சரி, வெளி அறை மேசையில் வைத்துக்கொள் என்றார். அவ்வளவுதான்.

ஐந்து மணிக்கு, பலர்மோவில் காலை ஏழுக்கு, போன் மேசையில் கிடந்தது. கண்ணாடிக் கதவு வழியே அதைப் பார்த்துக்கொண்டே தட்டுகளில் ஊற்றினாள். அது ஒளிரவில்லை. அவர்கள் அவளுக்கு அடிக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

நீண்ட நேரம் கழித்து அம்மாவின் பெயர் வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள்.

"கொண்டு போயிட்டாங்கள்," என்றார் அம்மா. வீடு வெறுமையாக இருந்ததால் குரல் எதிரொலித்தது. "நாலு பேர் வந்தவங்கள். படியில திரும்பேக்க மட்டும் கொஞ்சம் கஷ்டப்பட்டாங்கள். கொப்பா கத்தேல்லை."

"போன் எடுத்தீங்களோ?"

"முதல் மணியிலேயே எடுத்தன். அந்தப் பெடியன் ஏதோ கேட்டான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் மூண்டாம் மாடி எண்டு அவங்கட பாஷையில சொன்னன். வேற ஒண்டும் சொல்லேல்லை."

"விளங்கினதோ அவனுக்கு?"

"ஓம்," என்றார் அம்மா. "வந்திட்டாங்கள்தானே."